பதவி உயர்வு வாழ்த்துக் கவிதை இடறுகிறதா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் முறை

அலுவலகத்தில் ஒருவருக்குப் பதவி உயர்வு வருகிறது. எல்லாரும் கையெழுத்திடப் போகும் வாழ்த்து அட்டை ஒன்று வாங்கியாகிவிட்டது. “நீதான் ஏதோ எழுதுவாயே, நாலு வரி கவிதை போடு” என்று ஒருவர் தலையில் வேலை விழுகிறது. அவர் அரை மணி நேரத்தில் எழுதிக் கொடுப்பது பெரும்பாலும் இந்த வகையில்தான் இருக்கும்:

சிகரம் தொட்ட சிங்கமே!
சிறப்பின் மொத்த அங்கமே!
திறமைக் கடலின் தங்கமே!
தேடி வந்தது பதவியே!
உன்னைப் போல யாருமில்லை
உழைப்பில் உனக்கு ஈடுமில்லை
இன்னும் இன்னும் உயர்ந்திடு
இமயம் தாண்டி நிமிர்ந்திடு!
எம் குழு பெற்ற பேறு நீ
என்றும் எங்கள் பெருமை நீ!

ஓசை இருக்கிறது, அன்பும் இருக்கிறது. ஆனாலும் படித்தவர்கள் லேசாக நெளிகிறார்கள். எங்கே தவறு என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியவில்லை. இந்த வரைவையே எடுத்துக்கொண்டு, அறிகுறி அறிகுறியாகப் பார்த்து ஒரு நல்ல கவிதையாக்கிப் பார்க்கலாம். எடுத்துக்காட்டுக்கு, கணக்குப் பிரிவில் பணிபுரிந்த ஒருவர் அதே பிரிவின் மேலாளராகிறார் என்று வைத்துக்கொள்வோம். நேற்றுவரை பக்கத்து மேசைக்காரர். நாளை முதல் விடுப்புக் கடிதத்தில் கையெழுத்துப் போடுபவர். கையெழுத்திடப் போகிறவர்களில் ஒருவர் அதே பதவிக்கு விண்ணப்பித்துக் கிடைக்காதவர். பல அலுவலகங்களில் நிலைமை இதுதான் என்பதால், கடினமான இந்த நிலைமைக்கே எழுதிப் பழகுவது நல்லது.

வேலையைத் தொடங்கும் முன் இரண்டு சோதனைகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று: கையெழுத்திடும் ஒவ்வொருவரும் ஒவ்வொரு வரியையும் தன் வாயால் சொல்ல முடிய வேண்டும். இரண்டு: அட்டையைப் பெறுபவர், சுற்றி நிற்கும் அத்தனை பேர் முன்னாலும் அதை உரக்கப் படிக்க முடிய வேண்டும். கூட்டு அட்டை என்றால் “படி, படி” என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். “சிகரம் தொட்ட சிங்கமே” என்று தன்னைத்தானே அழைத்துக்கொண்டு ஒருவர் எப்படிப் படிப்பார்?

அறிகுறி: பெயரை மாற்றினால் அடுத்த ஆளுக்கும் பொருந்துகிறது

சோதிப்பது எளிது. அடுத்த ஆண்டு வேறொருவருக்குப் பதவி உயர்வு வருகிறது. அப்போதும் இதே கவிதையை ஒரு சொல்லும் மாற்றாமல் கொடுக்க முடியுமா? மேலே உள்ள வரைவைத் தாராளமாகக் கொடுக்கலாம். ஓய்வு பெறுபவருக்குக்கூடக் கொடுக்கலாம், பதவி என்ற ஒரு சொல்லை எடுத்துவிட்டால்.

காரணம், எழுதியவர் அந்த மனிதரைப் பற்றி எதையும் சேகரிக்காமல் எழுத உட்கார்ந்ததுதான். சேகரிக்கப் போனாலும் தவறான கேள்வியைக் கேட்கிறோம். “அவரிடம் உங்களுக்குப் பிடித்தது என்ன?” என்று சக ஊழியர்களிடம் கேட்டுப் பாருங்கள். “நல்ல மனுஷர்”, “திறமைசாலி”, “பொறுமைசாலி” என்ற பட்டங்கள்தான் கிடைக்கும். அவற்றை வைத்துக்கொண்டு எழுதினால் மறுபடியும் அதே சிங்கம், தங்கம்.

கேள்வியை மாற்றிக் கேளுங்கள்: “கடைசியாக அவர் உங்களுக்கு எதில் உதவினார்? அப்போது என்ன செய்தார், என்ன சொன்னார்?” இதற்குப் பதிலாகப் பட்டம் வராது, செயல்தான் வரும். நம் எடுத்துக்காட்டில் மூன்று பதில்கள் கிடைத்தன என்று கொள்வோம்.

முதலாமவர்: “மாதக் கடைசியில் கணக்கை முடிக்கும்போது என் பக்கம் தொகை இடித்தது. அவர் எல்லாருக்கும் நகல் போட்டு மின்னஞ்சல் அனுப்பியிருக்கலாம். நாற்காலியை உருட்டிக்கொண்டு என் மேசைக்கு வந்து, ‘சேர்ந்து தேடலாம், சிக்கும்’ என்றார்.” இரண்டாமவர்: “என் வீட்டில் பிரச்சினை நடந்தபோது என் வேலையை இரண்டு வாரம் அவரே பார்த்துக்கொண்டார்.” மூன்றாமவர்: “நான் புதிதாகச் சேர்ந்தபோது பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பார், என் கையிலிருந்து மவுஸைப் பிடுங்கவே மாட்டார்.”

எதை எடுப்பது? உதவியின் அளவைப் பார்த்தால் இரண்டாவதுதான் பெரியது. ஆனால் அது ஒருவருடைய வீட்டு விஷயம், அட்டையில் வந்தால் “என்ன பிரச்சினை?” என்று பத்துப் பேர் கேட்பார்கள். அதை அவரே தன் கையெழுத்துக்குக் கீழே இரண்டு சொல்லில் எழுதிக்கொள்ளட்டும். முதலாவதும் மூன்றாவதும் சிறிய விஷயங்கள்தான். ஆனால் இரண்டிலும் ஒரே பொருள் தலைகாட்டுகிறது: உருண்டு வரும் அந்த நாற்காலி. இருவர் தனித்தனியாகச் சொல்லி, ஒரே காட்சி அமைந்துவிட்டால் வேறெதையும் தேட வேண்டியதில்லை. மற்றவர்களிடம் போய் “அந்த நாற்காலி...” என்று தொடங்கிப் பாருங்கள். அவர்கள் சிரித்தால் அது எல்லாருக்கும் சொந்தமான காட்சி. முதல் சோதனையில் தேறிவிட்டது.

ஒரே கவிதையில் மூன்று நான்கு நற்பண்புகளைத் திணிக்காதீர்கள். எட்டு வரிக்கு ஒரு காட்சி போதும்.

அறிகுறி: உரக்கக் கத்துவது போலிருக்கிறது, சுவரொட்டி வாசனை அடிக்கிறது

வரைவில் உள்ள விலங்கு, மலை, உலோகம், கடல் எல்லாவற்றையும் பென்சிலால் அடித்துவிட்டு என்ன மிஞ்சுகிறது என்று பாருங்கள். நம் வரைவில் “தேடி வந்தது பதவியே”, “உழைப்பில் உனக்கு ஈடுமில்லை” போன்றவைதான் மிஞ்சும். அதாவது சொல்வதற்குச் செய்தி இல்லாததால் குரலை உயர்த்தியிருக்கிறோம். வரிக்கு வரி வரும் ஆச்சரியக் குறிகளும் இந்த நோயின் தடயம்தான்.

தமிழ் அணியிலக்கணம் இதற்கு நேரான மருந்து வைத்திருக்கிறது. உள்ளதை மிகைப்படுத்திச் சொல்வது உயர்வு நவிற்சி. உள்ளதை உள்ளபடியே, கண்முன் தெரியும்படி சொல்வது தன்மை நவிற்சி. இயல்பு நவிற்சி என்றும் சொல்வார்கள். மன்னனைப் பாடும்போது உயர்வு நவிற்சி செல்லும், ஏனென்றால் அவன் தூரத்தில் இருக்கிறான். தினமும் உங்களோடு தேநீர் குடிப்பவரைப் பாடும்போது அது செல்லாது. அவருடைய அளவு எல்லாருக்கும் தெரியும். சிங்கம் என்று சொன்னதும் படிப்பவர் மனம் அந்த மனிதரையும் சிங்கத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிடுகிறது. சிரிப்பு வந்துவிடும், அல்லது கேலி செய்கிறார்களோ என்ற ஐயம் வரும்.

எனவே செய்ய வேண்டியது, ஒவ்வொரு பட்டத்தையும் அதற்குக் காரணமான செயலாக மாற்றுவது. பொறுமைசாலி என்பதை எடுத்துவிட்டு, பொறுமை எப்படி வெளிப்பட்டது என்று எழுதுங்கள். நாற்காலி உருண்டு வந்தது. “சேர்ந்து தேடலாம், சிக்கும்” என்றார். பொறுமை, பெருந்தன்மை, திறமை என்ற சொற்கள் ஒன்றுகூட வரவில்லை, மூன்றும் தெரிகின்றன. அதோடு இதை அவர் உரக்கப் படிக்கவும் முடியும். தான் செய்த ஒன்றைப் படிக்கிறார், அவ்வளவுதான், தன்னைப் புகழ்ந்துகொள்ளவில்லை.

அறிகுறி: படிக்கும்போது யாரோ ஒருவர் முகம் சுருங்குகிறது

“உன்னைப் போல யாருமில்லை.” கீழே கையெழுத்திடுபவர்கள் எல்லாரும் அந்த “யாரும்” என்பதற்குள் அடக்கம். ஒருவரை உயர்த்த வந்த வரி, அட்டையில் இருக்கும் அத்தனை பேரையும் ஒரு படி இறக்கிவிட்டது. அதே பதவிக்கு விண்ணப்பித்தவரிடம் அட்டை போகும்போது நிலைமையை நினைத்துப் பாருங்கள். அவர் தன் கையாலேயே அதற்கு ஒப்புதல் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒப்பீட்டுச் சொற்களைத் தேடித் தேடி நீக்குங்கள்: ஈடில்லை, நிகரில்லை, மிகச் சிறந்த, எல்லாரையும் விட, ஒருவரே. ஒன்றையும் விட்டுவைக்க வேண்டாம்.

சில வரிகளில் ஒப்பீடு மறைந்திருக்கும், அவைதான் ஆபத்தானவை. “கணக்கில் பிழையெனில் கத்தல் கேட்காது” என்று முதல் வரியை எழுதினால் மோனையும் நன்றாக விழுகிறது, செய்தியும் உண்மை. ஆனால் கத்தல் கேட்காது என்று ஏன் சொல்ல வேண்டும்? முன்பு யாரோ கத்தியிருக்கிறார்கள் என்பதால்தானே? முந்தைய மேலாளர் அதே கட்டடத்தில் வேறொரு மாடியில் இருக்கலாம்; அட்டையில் அவரும் கையெழுத்திடலாம். “கண்டனம்” என்று மாற்றினாலும் அதே வாடை. “கடிதம் வராது” என்றால் யாரையும் சுட்டவில்லை. அலுவலகத்தில் பிழை என்றால் எழுத்தில் ஏதோ வரும் என்பது பொதுவான வழக்கம். இவர் அப்படிச் செய்வதில்லை என்று மட்டும் அது சொல்கிறது. உண்மையில் வந்திருக்கக்கூடியது மின்னஞ்சல்தான். ஆனால் கடிதம் என்ற சொல்லை யாரும் தவறாகப் புரிந்துகொள்ள மாட்டார்கள், அதனால் இந்த அளவு வளைவு பொறுத்துக்கொள்ளத் தக்கது.

இன்னொன்று: “செய்தி கேட்டு மகிழ்ந்தோம், வியக்கவில்லை” என்ற வகை வரி. தனியாகப் பார்த்தால் அருமையான வரி; ஒருவரிடம் நேரில் சொன்னால் மனம் குளிரும். ஆனால் இந்த அட்டையில், முடிவு முன்பே எல்லாருக்கும் தெரிந்ததுதான் என்ற பொருளும் அதற்குள் இருக்கிறது. விண்ணப்பித்துக் கிடைக்காதவருக்கு அது “நீ ஏன் விண்ணப்பித்தாய்?” என்று கேட்கும். போட்டி எதுவும் இல்லாத பதவி உயர்வாக இருந்தால் தயங்காமல் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே வேண்டாம்.

“தேடி வந்தது பதவியே” என்ற வரியில் நேர்மாறான சிக்கல். இது சுருக்குவது பெறுபவரையே. அவர் உழைத்து, தேர்வோ நேர்காணலோ கடந்து வந்திருப்பார். பதவி தானாக வீடு தேடி வந்தது என்றால் அதிர்ஷ்டக்காரர் என்றாகிவிடுகிறது.

அறிகுறி: வாழ்த்து மெல்ல நம் பக்கம் திரும்பிவிடுகிறது

“எம் குழு பெற்ற பேறு நீ, என்றும் எங்கள் பெருமை நீ.” அன்பாகத்தான் எழுதியிருக்கிறோம். ஆனால் இந்த இரண்டு வரிகளும் யாரைச் சுற்றி வருகின்றன என்று கவனியுங்கள். பேறு பெற்றது குழு, பெருமை அடைவது நாங்கள். தற்பெருமை என்றால் பெறுபவரைப் புகழ்வதில்தான் வரும் என்று நினைக்கிறோம். அது வாழ்த்துபவர்கள் வழியாகவும் நுழைகிறது. “நாங்கள் வளர்த்த செடி”, “எங்கள் பட்டறையில் உருவானவர்” எல்லாம் இதே ரகம். குழுவுக்கு வரியில் இடம் வேண்டுமென்றால், உதவி பெற்றவர்கள் என்ற இடத்தில் உட்காருங்கள். பிழை செய்தது நாங்கள், தேடிக் கொடுத்தது நீங்கள். அந்த இடத்தில் உட்கார்ந்தால் பெருமை பேசவே முடியாது. நகைச்சுவைக்கும் அங்கேதான் வழி திறக்கிறது.

அறிகுறி: நீ, நீங்கள், நாம், நாங்கள் குழம்புகின்றன

தமிழ்ச் செய்யுளில் கடவுளையும் அரசரையும் “நீ” என்று அழைப்பது வழக்கம். அதில் மரியாதைக் குறைவு இல்லை. அந்தப் பழக்கத்தில்தான் வாழ்த்துக் கவிதைகளும் “நீ” என்று போகின்றன. ஆனால் கூட்டு அட்டையில், சேர்ந்து ஆறு மாதமான பயிற்சியாளரும் கையெழுத்திடுகிறார். தன் புதிய மேலாளரைப் பார்த்து “உயர்ந்திடு, நிமிர்ந்திடு” என்று அவரால் சொல்ல முடியுமா? முதல் சோதனை இங்கே தோற்கிறது. “நீங்கள்” என்றே வைத்துக்கொள்ளுங்கள். அது வரியை நீட்டுகிறது என்றால், முன்னிலைச் சொல்லே இல்லாமல் வினையிலேயே மரியாதையைக் காட்டலாம்: “என்பீர்கள்.” எட்டு வரியில் ஒரு முறை வந்தால் போதும்.

நாம், நாங்கள் விஷயத்தில் இன்னும் கவனம் தேவை. நாம் என்றால் பெறுபவரும் உள்ளே. நாங்கள் என்றால் அவர் வெளியே. நேற்றுவரை “நாம்” ஆக இருந்தவர் இன்று மேலாளர். கவிதை முழுக்க “நாங்கள், எங்கள்” என்று அடுக்கினால் அவரைப் பிரித்து நிறுத்துவது போலாகிவிடும். ஆனால் பிழை செய்பவர்களைச் சொல்லும் இடத்தில் “நம் கணக்கில் பிழை” என்று எழுதக்கூடாது. அவரையும் பிழைக்காரர் ஆக்கிவிடும். அங்கே “எங்கள்” தான் சரி, குற்றத்தை நாமே ஏற்றுக்கொள்கிறோம். எனவே, எங்கள் என்ற சொல் ஒரே ஒரு இடத்தில், பிழையோடு சேர்ந்து வரட்டும்.

அறிகுறி: ஓசைக்காகச் சொற்கள் இழுபடுகின்றன

சிங்கமே, அங்கமே, தங்கமே. இது இயைபு, வரியின் கடைசியில் வரும் ஒலி ஒற்றுமை. இறுதி ஒலியைப் பிடித்துக்கொண்டு எழுதினால் பொருள் வால் போகும் பக்கம் ஓடும்; “சிறப்பின் மொத்த அங்கமே” என்பதற்கு எழுதியவராலேயே பொருள் சொல்ல முடியாது. “உயர்ந்திடு, நிமிர்ந்திடு” என்பதில் உள்ள “இடு” வெறும் இட்டு நிரப்பல். இப்படிப்பட்ட இடுக்களை நீக்கினால் வரி குட்டையாகிறதா? அப்படியானால் அந்த வரியில் சொல்வதற்கு ஏதோ குறைகிறது என்று பொருள். வேறொரு சொல்லால் நிரப்பாமல் வேறொரு செய்தியால் நிரப்புங்கள்.

எதுகை என்றால் சொற்களின் இரண்டாம் எழுத்து ஒன்றுவது. அதோடு முதலெழுத்துகள் குறிலுக்குக் குறில், நெடிலுக்கு நெடில் என்று அளவில் ஒத்திருக்க வேண்டும். வரிகளின் தொடக்கத்தில் அதைத் தேடப் போனால், எட்டு வரிக்குள் செய்தியை வளைக்க வேண்டிவரும். வாழ்த்து அட்டைக்கு மோனைதான் வசதி என்பது என் கருத்து. மோனையில் முதலெழுத்து ஒன்றினால் போதும். வரிக்கு நான்கு சீர் வைத்துக்கொண்டு, முதல் சீரும் மூன்றாம் சீரும் மோனையால் இணைந்தால் அதுவே பொழிப்பு மோனை. காதுக்கு இதம், கட்டுப்பாடும் குறைவு. அதோடு அதே எழுத்துதான் வேண்டும் என்பதில்லை, இன எழுத்துகளும் செல்லும். அ, ஆ, ஐ, ஔ ஓர் இனம். இ, ஈ, எ, ஏ ஓர் இனம். உ, ஊ, ஒ, ஓ ஓர் இனம். மெய்களில் சகரமும் தகரமும், ஞகரமும் நகரமும், மகரமும் வகரமும் ஒன்றுக்கொன்று மோனையாகும்.

இப்போது சேகரித்த காட்சியை இந்த அளவில் உட்காரவைப்போம். நிகழ்ந்ததை முதலில் உரைநடையாகவே எழுதிக்கொள்ளுங்கள்: கணக்கில் பிழை வந்தால் அவர் எழுதி அனுப்ப மாட்டார், நாற்காலியை நகர்த்திக்கொண்டு வருவார், சேர்ந்து தேடலாம் என்பார், நமக்குப் பயம் போய்விடும். இதில் “கணக்கில்” என்பதற்குக் “கடிதம்” கிடைக்கிறது. “நாற்காலி” என்பதற்கு “நகர்ந்து” தானாகவே வந்து நிற்கிறது. “சேர்ந்து” என்பதற்குச் “சிக்கும்” போதும், அவர் வாயிலிருந்து வந்த சொல்லே அது. சேயும் சியும் இன உயிர் கொண்டவை. நான்காவது வரியில் மோனை அமையவில்லை. ஆனால் பிழை போவதற்கு முன்பே பயம் போய்விடுகிறது என்பதுதான் முழுக் கவிதையின் உயிர், அதனால் மோனையை விட்டுவிட்டுச் செய்தியை வைத்துக்கொள்ளலாம். எட்டு வரியில் ஒன்றில் மோனை தவறினால் யாரும் கணக்கெடுக்கப் போவதில்லை.

கணக்கில் பிழையெனில் கடிதம் வராது;
நாற்காலி ஒன்றுதான் நகர்ந்து வரும்.
சேர்ந்து தேடலாம், சிக்கும் என்பீர்கள்;
பிழைபோகும் முன்பே பயம் போய்விடும்.
இருக்கை மாறும், இடமும் மாறும்;
அந்த நாற்காலி அருகில் இருக்கட்டும்.
மகிழ்ந்து வாழ்த்த வந்தோம், எங்கள்
கணக்கில் பிழைகள் கட்டாயம் வரும்.

பதவி என்ற சொல்லே உள்ளே இல்லை. “இருக்கை மாறும்” என்பதில் அது அடங்கிவிட்டது. பெயரும் பதவியின் பெயரும் அட்டையின் மேல்வரியில், உரைநடையில் இருக்கட்டும். அவற்றைச் சீருக்குள் திணிக்கப் போய்த்தான் பல கவிதைகள் முறிகின்றன. ஏழாவது வரியில் மகிழ்ந்து, வாழ்த்த, வந்தோம் என மூன்று சீர்களிலும் மோனை விழுகிறது. வாழ்த்தும் வரி அது ஒன்றுதான் என்பதால் அங்கே ஓசை சற்றுக் கூடினால் தவறில்லை.

அறிகுறி: முடிவு அறிவுரையாகவோ கோரிக்கையாகவோ மாறுகிறது

“இன்னும் இன்னும் உயர்ந்திடு” என்பது ஆசி. மூத்தவர் தனியாகச் சொன்னால் அழகு. பலர் சேர்ந்து சொன்னால், இப்போது கிடைத்தது போதாது என்பது போல ஒலிக்கும். “எளிமை மறவாதீர்” என்பது அறிவுரை. மறந்துவிடுவார் என்ற சந்தேகம் அதற்குள் இருக்கிறது. “விருந்து எப்போது?” என்று நேரில் கேளுங்கள், அட்டையில் வேண்டாம்.

நம் கவிதையிலும் ஒரு கோரிக்கை இருக்கிறதே, நாற்காலி அருகில் இருக்கட்டும் என்று? அது தாங்குவதற்குக் காரணம், கேட்பவர்கள் தங்கள் குறையை முன்வைத்துக் கேட்கிறார்கள். “எப்போதும் போல எங்களோடு இருங்கள்” என்று நேராக எழுதியிருந்தால் அதுவும் மறைமுக எச்சரிக்கையாகியிருக்கும்.

அறிகுறி: திருத்திய பிறகு கிண்டல் போலத் தெரிகிறது

மிகையை எல்லாம் நீக்கியபின் சிலருக்கு இந்த ஐயம் வரும். சிரிப்பு யார் மேல் விழுகிறது என்று பாருங்கள். கையெழுத்திடுபவர்கள் மேல் விழுந்தால் பயமில்லை. பெறுபவரின் பழக்கத்தின் மேல் விழுந்தால், அது அவரே சிரித்துச் சொல்லும் பழக்கமா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். நாற்காலி உருளும்போது கிறீச்சிடும் என்று எழுத ஆசை வரலாம். அவருக்கு அது தெரியுமா என்பது தெரியாவிட்டால் விட்டுவிடுங்கள். அவருடைய புதிய அதிகாரத்தின் மேல் விழும் நகைச்சுவை எதுவும் வேண்டாம். “இனி உங்கள் ராஜ்ஜியம்” என்ற வரியை எழுதியவர் சிரித்துக்கொண்டு எழுதியிருப்பார். படிப்பவர் காதில் அந்தச் சிரிப்பு விழாது. வெளியிலிருந்து பார்க்கும் ஒருவரிடம், அந்த மனிதரையே தெரியாத வேறு பிரிவுக்காரரிடம், ஒரு முறை படிக்கக் கொடுங்கள். “நல்ல மனிதர் போலிருக்கிறது” என்று சொன்னால் தேறிவிட்டது. “என்ன, கலாய்க்கிறீர்களா?” என்றால் மூன்றாம் அறிகுறிக்குத் திரும்புங்கள்.

அறிகுறி: அட்டையில் இடம் போதவில்லை, அல்லது எழுத்து உடைகிறது

விரித்தால் ஒவ்வொரு பக்கமும் ஏ5 அளவில், அதாவது 148 × 210 மில்லிமீட்டரில் இருக்கும் அட்டையில், 8 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு எட்டு வரி எழுதினால் 64 மில்லிமீட்டர் உயரம்தான் பிடிக்கும். வலப்பக்கத்தின் மேல்பாதியில் கவிதை அடங்கிவிடும். மீதி எல்லாம் கையெழுத்துகளுக்கு. பன்னிரண்டு வரிக்கு மேல் போனால் கையெழுத்திடுபவர்கள் மூலைகளில் நெருக்கியடிக்க வேண்டியிருக்கும். பென்சிலால் மெல்லிய கோடு போட்டு, கவிதையை முதலில் எழுதி, மை நன்றாகக் காய்ந்த பிறகே அட்டையைச் சுற்றுக்கு விடுங்கள்.

இணைய அட்டை என்றால் வேறு சிக்கல். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்ததை ஒட்டினால் தமிழ் எழுத்துகள் பொருளற்ற குறிகளாகிவிடும். யூனிகோடில் மறுபடி தட்டச்சு செய்வதைத் தவிர வேறு குறுக்குவழி தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம், எட்டு வரிதானே. கைபேசித் திரையில் வரி மடிந்து விழுகிறதா என்றும் பாருங்கள். மடிந்தால் எழுத்தின் அளவைக் குறையுங்கள். வரியை இரண்டாக வெட்டினால் முதல் சீரும் மூன்றாம் சீரும் பிரிந்து, கேட்ட ஓசை போய்விடும்.

அறிகுறி: எல்லாம் சரி, ஆனாலும் கூட்டு அட்டை போல இல்லை

கவிதைக்குக் கீழே எழுதியவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் காரணம் அதுதான். கவிதை இன்னார் என்று போட்டுவிட்டால் மற்றவர்கள் சாட்சிக் கையெழுத்துப் போடுபவர்கள் ஆகிவிடுகிறார்கள். பெறுபவரும் முதலில் எழுதியவரைத்தான் பாராட்ட வேண்டியிருக்கிறது. பெயரை எடுத்துவிடுங்கள். எழுதியவர் தன் கையெழுத்தை மற்றவர்களோடு கலந்து, கவிதையிலிருந்து தள்ளி எங்காவது போடட்டும்.